அரபிச் சொல்லில் அழுத்தம் எங்கே விழும்?

கேள்வி: அரபி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் சத்தமாகப் படிக்கும்போது சொல்லின் எந்த இடத்தை அழுத்திச் சொல்வது என்று பிடிபடவில்லை. அகராதியிலும் அதற்குக் குறி எதுவும் போடுவதில்லை. "மத்ரஸா" என்பதையே ஒருவர் முதலில் அழுத்துகிறார், இன்னொருவர் நடுவில் அழுத்துகிறார். இதற்கு விதி உண்டா, கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டுமா?

பதில்:

விதி உண்டு. அது சிறியது. சொல்லை அசை பிரித்து, எந்த அசை கனமானது என்று பார்த்து, கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பத்தில் ஒன்பது சொற்களுக்கு விடை கிடைத்துவிடும். அகராதியில் குறி இல்லாததற்குக் காரணமும் இதுவே. சொல்லின் வடிவத்தைப் பார்த்தே இடத்தைக் கணக்கிட முடிகிறபோது தனியாகக் குறி எதற்கு? அரபி இலக்கணத்தை அங்குலம் அங்குலமாக அலசிய பழைய இலக்கண ஆசிரியர்கள்கூடச் சொல்லழுத்தத்துக்கு விதி எழுதி வைக்கவில்லை. இன்று பாடநூல்களில் உள்ள விதிகள், அரபிகள் படிப்பதைக் கேட்டுப் பிற்காலத்தவர் தொகுத்தவை. நீங்கள் சொன்ன மத்ரஸா போன்ற சில இடங்களில் ஊருக்கு ஊர் வேறுபடுவது அதனால்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

கீழே அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில் தருகிறேன். தமிழ் எழுத்தில் அரபி ஒலிகள் எல்லாம் பிரிந்து தெரியாதுதான். ஆனால் அழுத்தத்துக்குத் தேவையானவை உயிரின் நீளமும் மெய்யின் இரட்டிப்பும் மட்டுமே. அவை இரண்டும் தமிழில் நன்றாகவே தெரியும்.

முதலில் அசை

அரபி அசை ஒவ்வொன்றும் ஒரே ஒரு மெய்யில் தொடங்கும். உயிரில் தொடங்காது, இரண்டு மெய்யிலும் தொடங்காது. அரபீ, இஸ்லாம் என்று நாம் உயிரில் தொடங்குவதாக எழுதும் சொற்களுக்கும் முன்னால் ஐன் அல்லது ஹம்ஸா என்ற மெய் நிற்கிறது. அந்த மெய்யும் கணக்கில் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

மெய்க்குப் பிறகு என்ன வருகிறது என்பதே அசையின் கனத்தைத் தீர்மானிக்கிறது. குறில் மட்டும் வந்தால் லேசான அசை: க, பு, லி. நெடில் வந்தாலோ, குறிலும் அதை மூடும் ஒரு மெய்யும் வந்தாலோ கனமான அசை: தா, ஸூ, மத், யக். ஐ, அவ் போன்ற ஒலிகளும் இந்த வகையே, ஏனென்றால் அவை குறிலும் யா அல்லது வாவும் சேர்ந்தவை. நெடிலுக்குப் பின் ஒரு மெய்யோ, குறிலுக்குப் பின் இரண்டு மெய்யோ வந்தால் மிகக் கனமான அசை: தாப், மீன், பைத், வக்ஃப். இந்த மூன்றாவது வகை பெரும்பாலும் சொல்லின் கடைசியில், அதுவும் அங்கே நிறுத்திப் படிக்கும்போது மட்டுமே தோன்றும். நடுவில் வருவது அபூர்வம். அல்ஃபாத்திஹாவின் கடைசிச் சொல்லான ள்ளால்லீன் அப்படிப்பட்டது. அதில் நெடிலுக்குப் பின்னால் இரட்டை லாம் வருகிறது.

யாப்பு படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழில் இரண்டு குறில் சேர்ந்தால் ஒரு நிரையசை. அரபிக் கணக்கில் அப்படிச் சேர்ப்பதில்லை. கதப என்பது க, த, ப என்று மூன்று தனித்தனி அசை. நேர், நிரை பழக்கத்தில் இரண்டிரண்டாக அள்ளினால் பின்னோக்கி எண்ணும்போது கணக்குத் தவறிவிடும்.

குறியிட்ட எழுத்தைப் படிப்பவர்களுக்கு அசை எண்ண ஒரு குறுக்குவழி உண்டு. சொல்லில் எத்தனை ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா இருக்கின்றனவோ அத்தனை அசை. தன்வீனையும் ஒன்றாக எண்ணுங்கள். சுக்கூன் போட்ட எழுத்து தனி அசை ஆகாது, முந்தைய அசையை மூடும். ஷத்தா போட்ட எழுத்து இரண்டு எழுத்து: முதல் பாதி முந்தைய அசையை மூடும், இரண்டாம் பாதி அடுத்த அசையைத் தொடங்கும். முதர்ரிஸ் (ஆசிரியர்) என்பது மு-தர்-ரிஸ் என்றே பிரியும், மு-த-ர்ரிஸ் என்று பிரியாது. சொல்லின் முடிவில் நிறுத்தினால் கடைசிக் குறிலும் தன்வீனும் போய்விடும். அப்போது ஓர் அசை குறையும்.

பிறகு எண்ணிக்கை

கடைசி அசையைப் பாருங்கள். அது மிகக் கனமானதாக இருந்தால் அழுத்தம் அதன்மேல்: கி-**தாப்**, ர-ம-**ளான்**, இப்-ரா-**ஹீம்**, முஸ்-த-**கீம்**. இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். வெறும் நெடிலோ, ஒரு மெய்யால் மூடிய குறிலோ சொல்லின் கடைசியில் நின்றால் அதற்கு அழுத்தம் கிடையாது. அடுத்து, கடைசிக்கு முந்தைய அசையைப் பாருங்கள். அது கனமானதாக இருந்தால் அழுத்தம் அங்கே: கி-**தா**-புன், மு-**தர்**-ரிஸ், மு-**ஹம்**-மத், முஸ்-**தஷ்**-ஃபா (மருத்துவமனை). அதுவும் லேசானதாக இருந்தால் இன்னும் ஓர் அசை பின்னால் போய் நிறுத்துங்கள்: **க**-த-ப (எழுதினான்), **ஃபா**-தி-மா, மு-**தர்**-ரி-ஸா (ஆசிரியை). ஈரசைச் சொல்லில் பின்னால் போக இடமில்லை, முதல் அசையே: **ஹு**-னா (இங்கே), **வ**-லத் (பையன்), **துன்**-யா.

விதி இவ்வளவுதான். ஆனால் தமிழர் நாக்கு இதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. கடைசியில் நெடில் வந்தால் அதை அழுத்தத் தோன்றும். க-த-பூ (எழுதினார்கள்) என்பதில் பூ நீளமாக இருப்பதால் குரல் அங்கே ஏறும். அது தவறு, **க**-த-பூ என்பதே சரி. பூ நீளமாகவே இருக்கட்டும், குரல் மட்டும் முதலில் எழுந்து அங்கே இறங்கட்டும்.

இதற்கு நேரெதிரான பொறி நெடிலுக்குப் பின் ஹம்ஸா நிற்கும் சொற்கள். உலமா என்று தமிழில் எழுதுகிறோம். அரபியில் அதன் கடைசியில் ஹம்ஸா உண்டு, அது மெய். எனவே கடைசி அசை நெடிலும் மெய்யும் சேர்ந்த மிகக் கனமான அசை. அழுத்தம் உ-ல-**மா** என்று கடைசியில் விழும், தொண்டையில் ஒரு சின்ன வெட்டோடு முடியும். ஹம்ஸாவை விழுங்கிவிட்டால் விதிப்படி அழுத்தம் முதலுக்குப் போய்விடும், சொல்லின் உருவமே மாறிவிடும். வானம் என்ற பொருளுள்ள ஸ-**மா**வும் இப்படித்தான். முஸ்தஷ்ஃபாவின் கடைசியில் ஹம்ஸா இல்லை, ஸமாவில் உண்டு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால் அரபி எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ் எழுத்து செய்யும் கோளாறு

அழுத்தம் தவறுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. அசையே தவறாகப் பதிந்திருக்கிறது. காரணம் தமிழ் எழுத்தில் படித்த வடிவம்.

இரண்டு உயிருக்கு நடுவே தனியாக வரும் தகரத்தைத் தமிழில் மென்மையாகத்தான் படிப்போம். வல்லொலி வேண்டுமென்று நினைக்கிறவர் அதை இரட்டித்துக் கித்தாப், பாத்திமா என்று எழுதுவார். காதுக்கு அது நெருக்கமாக இருக்கலாம். ஆனால் அரபியில் இரட்டிப்பு என்பது ஷத்தா, ஷத்தா என்றால் இன்னொரு சொல். கதப என்றால் எழுதினான். தகரத்தை இரட்டித்துக் **கத்**-த-ப என்றால் எழுதவைத்தான். கி-தாப் என்பதன் முதல் அசை லேசானது, கித்-தாப் என்றால் அது கனமாகிவிடும். பாத்திமாவில் அழுத்தம் இடம் மாறுகிறது: **ஃபா**-தி-மா என்பதில் கடைசிக்கு முந்தைய அசை லேசானது, ஆகவே அழுத்தம் ஃபாவில். இரட்டிப்பவர் நடு அசையையும் தாங்கிச் சொல்லத் தொடங்குகிறார். தகரத்தை ஒற்றையாக, ஆனால் வல்லொலியாகச் சொல்லப் பழகுவதே வழி.

இரண்டாவது கோளாறு உயிர் செருகுவது. மதரஸா என்று எழுதிப் பழகியவருக்கு ம-த-ர-ஸா என்று நான்கு அசை. அரபியில் மத்-ர-ஸா, மூன்றுதான். தகரத்துக்குப் பின் உயிர் கிடையாது. வக்ஃப் என்பது நிறுத்தும்போது ஒரே அசை. அதை வக்ஃபு என்று முடித்தால் இரண்டாகிவிடும். முன்னது எண்ணிக்கையைக் கெடுக்கும், பின்னது நிறுத்தத்தையே இல்லாமல் ஆக்கிவிடும், ஏனென்றால் கடைசியில் உகரம் கேட்டால் அரபி காதுக்கு அது வேற்றுமை உருபு.

மூன்றாவது, பெண்பால் ஈறு. மத்ரஸா, ஃபாத்திமா, ஆயிஷா என்று நெடிலாக எழுதுகிறோம். அரபியில் அது குறில், தா மர்பூத்தா போட்டது. கடைசி அசை எப்படியும் அழுத்தம் வாங்காததால் கணக்கு கெடாது. ஆனால் நீட்டினால் காதுக்கு வேறு சொல்லாகப் படும்.

அழுத்தம் என்றால் நீட்டல் இல்லை

அழுத்தம் இடம் மாறியதால் மட்டும் பொருள் மாறும் சொற்கள் அரபியில் மிகக் குறைவு. நீளம் மாறினால் பொருள் உடனே மாறும். அழுத்தும்போது நீட்டிவிடுவதுதான் உண்மையான ஆபத்து. **க**-த-ப என்பதை அழுத்துகிறேன் என்று காதப ஆக்கினால், எழுதினான் என்பது கடிதப் போக்குவரத்து வைத்திருந்தான் என்று ஆகிவிடும். **க**-த-ல (கொன்றான்) காதல ஆனால் போரிட்டான்.

இதைச் சோதிக்க நல்ல ஜோடி ஜமல், ஜமால். முன்னது ஒட்டகம், பின்னது அழகு. ஜமல் என்பதில் கடைசி அசை வெறும் கனம், எனவே **ஜ**-மல். ஜமால் என்பதில் கடைசி அசை மிகக் கனம், எனவே ஜ-**மால்**. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். முதல் சொல்லில் ஜ நீண்டு ஜாமல் ஆகிவிட்டால் அழுத்தத்தை நீளத்தால் செய்கிறீர்கள் என்று அர்த்தம். சுருதியால் செய்ய வேண்டும்: அந்த அசையில் குரலைச் சற்று மேலே ஏற்றி, கொஞ்சம் பலமாகச் சொன்னால் போதும். விரலால் தட்டியும் பார்க்கலாம். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. அழுத்தம் எங்கே போனாலும் தட்டு மாறக் கூடாது.

அழுத்தம் விழாத நெடிலைக் குறுக்கவும் கூடாது. ஸை-யா-**ராத்** (கார்கள்) என்பதில் அழுத்தம் கடைசியில். ஆனால் நடுவில் உள்ள யாவும் முழு இரண்டு தட்டு. தமிழில் குறில் நெடில் பேதம் எங்கும் நிலையாக இருப்பதால் இதில் நமக்குச் சிரமம் குறைவு. ஆங்கிலம் வழியாக அரபி கற்பவர்கள்தான் இங்கே படாதபாடு படுவார்கள்.

முன்னால் ஒட்டுவது, பின்னால் ஒட்டுவது

பின்னால் ஒட்டும் விகுதிகள் எண்ணிக்கையில் சேரும், அழுத்தத்தை இழுக்கும். **க**-த-ப என்பதோடு ஹு (அதை) சேர்ந்தால் க-**த**-ப-ஹு. **மத்**-ர-ஸா என்பதோடு என்னுடைய என்ற ஈ சேர்ந்து மத்ரஸதீ ஆனால் மத்-**ர**-ஸ-தீ.

முன்னால் ஒட்டுபவை சேராது. அல், வ, ஃப, பி, லி ஆகியவற்றைத் திரை போட்டு மறைத்துவிட்டு எண்ணுங்கள். அல்வலத் என்பதை ஒரே சொல்லாக எண்ணினால் அல்-வ-லத், நடு அசை லேசானது, அழுத்தம் அல்லில் என்று வரும். அது தவறு. சொல் வலத் மட்டுமே. ஆகவே அல்-**வ**-லத்.

இது வெறும் நயத்துக்கான விஷயம் இல்லை என்பதற்கு ஓத்துப் பள்ளி ஆசிரியர்கள் காட்டும் இடம் குர்ஆன் 28:24. மூஸா நபி இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டியதைச் சொல்லும் ஃபஸகா லஹுமா. அங்கே ஃப என்பது "பிறகு" என்ற முன்னொட்டு, ஸகா என்பது நீர் புகட்டினார். ஃப-**ஸ**-கா என்று படித்தால் அந்தப் பொருள். **ஃப**-ஸ-கா என்று முதலில் அழுத்தினால் ஃபஸக என்ற வேறு வினை காதில் விழும். அதற்குப் பொருள் வரம்பு மீறிப் பாவம் செய்தல். எழுத்தொலிகள் அப்படியே இருக்க, அழுத்தம் மட்டுமே இரண்டையும் பிரிக்கும் அபூர்வ இடம் இது.

இன்னொரு விதிவிலக்கும் உண்டு. இன்கஸர (உடைந்தது) போன்ற வினைகளில் கடைசி உயிரை விட்டு இன்-க-ஸர் என்று படிக்கும்போது, விதிப்படி முதல் அசைக்குப் போக வேண்டிய அழுத்தம் போகாது. முழு வடிவத்தில் இருந்த இடத்திலேயே இன்-**க**-ஸர் என்று நிற்கும். அதன் நிகழ்காலமும் அப்படியே: யன்-**க**-ஸிர்.

மத்ரஸா வழக்கு

லெபனான், சிரியா பக்கம் **மத்**-ர-ஸா. பாடநூல் விதியும் அதையே தரும். கெய்ரோவில் மத்-**ர**-ஸா. எகிப்தியர் பேச்சில் கனமான அசைக்குப் பின் இரண்டு லேசான அசை வந்தால் அழுத்தம் முதல் லேசான அசையில் விழும். மக்-**த**-பா (நூலகம்), மு-தர்-**ரி**-ஸா என்றெல்லாம் கேட்கலாம். எழுத்து அரபியைப் படிக்கும்போதும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவருகிறார்கள். எகிப்திய காரிகளின் ஓதலைக் கேட்டு வளர்ந்தவருக்கு நடு அழுத்தம் இயல்பாகப் படுவதும் இதனால்தான். நீங்கள் கேட்ட இருவரும் தவறு செய்யவில்லை. ஆனால் ஒரே பத்தியில் இரண்டையும் கலந்து படித்தால் ஒட்டாது. ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள்.

நீண்ட சொற்களில் பாடநூல்களுக்குள்ளேயே ஒரு சச்சரவு உண்டு. சிலர் கடைசியிலிருந்து மூன்றாம் அசையைத் தாண்டிப் போகக் கூடாது என்பார்கள். அந்தக் கணக்கில் மத்-**ர**-ஸ-துன். வேறு சிலர், கனமான அசை கிடைக்கும்வரை பின்னால் போ, கிடைக்காவிட்டால் முதல் அசையில் நில் என்பார்கள். அப்போது **மத்**-ர-ஸ-துன். இந்த வேறுபாடு நான்கும் அதற்கு மேலும் அசை உள்ள சொல்லில், கடைசிக்கு முந்தைய இரண்டு அசையும் லேசானவையாக இருக்கும்போது மட்டுமே தலைகாட்டும். முதல் கணக்கு எண்ணச் சுலபம், படிக்கும் வேகத்தில் கைகொடுக்கும். நான் அதையே சொல்வேன். உங்கள் ஆசிரியர் மற்றதைச் சொன்னால் வாதாட வேண்டாம்.

ஒரு வாக்கியம், முழுதாக

"மாணவன் புதிய பள்ளியில் ஒரு கடிதம் எழுதுகிறான்" என்பதை எடுத்துக்கொள்வோம்: யக்துபு த்தாலிபு ரிஸாலதன் ஃபில் மத்ரஸதில் ஜதீதா.

யக்துபு: மூன்று உயிர்க்குறி, மூன்று அசை, யக்-து-பு. கடைசியை விடுங்கள். து லேசானது. யக்கில் நிறுத்துங்கள்: **யக்**-து-பு. அடுத்த சொல்லின் அல் இதோடு ஒட்டி, லாம் தகரமாகி, வாயில் **யக்**-து-புத்-**தா**-லி-பு என்றே ஓடும். அதைக் கேட்டு, புத் கனமாகிவிட்டதே என்று அழுத்தத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. ஒட்டிப் படிப்பது வாய்க்கு, எண்ணிக்கை சொல்லுக்கு. தாலிபு: அல்லை மறைத்தால் தா-லி-பு. லி லேசானது, அழுத்தம் தாவில்.

ரிஸாலதன்: ரி-ஸா-ல-தன். கடைசியில் மூடிய அசை இருந்தாலும் அது மிகக் கனம் ஆகாது, விடுங்கள். ல லேசானது. மூன்றாவது ஸா: ரி-**ஸா**-ல-தன். இங்கே இரண்டு கணக்கும் ஒரே விடை தருகின்றன, மூன்றாம் அசையே கனமானது என்பதால்.

ஃபில் என்பது ஃபீயும் அல்லும் சேர்ந்து நெடில் குறுகியது. ஃபீல் என்று நீட்டுவது தொடக்கக்காரரின் வழக்கமான தவறு. அதற்கு அழுத்தமும் வேண்டாம். மத்ரஸதி: மத்-ர-ஸ-தி, ஸ லேசானது, எனவே மத்-**ர**-ஸ-தி. மற்ற கணக்குக்காரர் **மத்**-ர-ஸ-தி என்பார். இதே சொல்லில் வாக்கியம் முடிந்திருந்தால் தி போய் **மத்**-ர-ஸா என்று அழுத்தம் முதல் அசைக்கு நகர்ந்திருக்கும். எங்கே நிறுத்தப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் எண்ணத் தொடங்கினால் தடுமாறுவது இதனால்தான். ஜதீதா: ஜ-தீ-தா, தீ கனமானது, ஜ-**தீ**-தா. நிறுத்தாமல் ஜதீததி என்று ஈறு சேர்த்துப் படித்தாலும் ஜ-**தீ**-த-தி, இடம் மாறாது.

சேர்த்துப் படித்தால்: **யக்**-து-புத்-**தா**-லி-பு ரி-**ஸா**-ல-தன் ஃபில்-மத்-**ர**-ஸ-தில்-ஜ-**தீ**-தா.